அன்னாசி ஏன் நாக்கைக் காந்தச் செய்கிறது? ஆறு கோப்பை ஜெலியில் கண்டறியும் முழுமையான வழிகாட்டி

பச்சை அன்னாசி வாயைக் காந்தச் செய்யுமா என்றால், செய்யும். ஒரு துண்டிலோ இரண்டு துண்டிலோ பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. அரைப் பழத்தை ஒரே இருப்பில் சாப்பிட்டால் நாக்கு நுனியும் உதட்டு ஓரமும் மேலண்ணமும் எரியத் தொடங்கும். சிலருக்கு நாக்கு சொரசொரப்பாகி, புளி எதுவும் படமுடியாதபடி இருக்கும். 'பச்சை' என்று இங்கே சொல்வது சமைக்காத பழத்தைத்தான். நன்றாகப் பழுத்ததும் இதில் சேரும். காய்ப்பருவத்து அன்னாசி இன்னும் கடுமையானது. அதைச் சாப்பிடவே வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் அன்னாசி வெட்டும்போது உப்புத் தண்ணியில் போட்டெடுத்தால் காந்தாது என்று சொல்வார்கள். பிரிட்ஜில் வைத்தால் காந்தாது என்பவர்களும் உண்டு. சுடவைத்தால் பழம் கெட்டுப்போகும் என்று சுடவைக்காமலே ஜெலிக்குள் போட்டுவிட்டு, ஜெலி ஏன் உறையவில்லை என்று கேட்பவர்களும் உண்டு. இந்த மூன்றுக்கும் விடை ஒரே பொருளில் இருக்கிறது. அது எது, எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்பதை வீட்டுக் குசினியிலேயே கண்ணால் பார்க்கும் வழியைத்தான் கீழே விரிவாகத் தருகிறோம்.

வாய்க்குள் நடப்பது என்ன?

அன்னாசிச் சாற்றில் புறோமெலேயின் என்ற நொதியம் இருக்கிறது. நெருங்கிய உறவுள்ள சில நொதியங்களின் கூட்டத்துக்கே அந்தப் பெயர். வெனிசுவேலா நாட்டு வேதியியலாளர் விசென்ரே மார்க்கானோ 1891இல் அன்னாசிப் பழச்சாற்றில் இதை அடையாளம் கண்டார். பழத்தில் மட்டுமல்ல, செடியின் தண்டிலும் இது நிறைய உண்டு. தண்டின் தொடர்ச்சியாகப் பழத்துக்குள் ஓடும் நடுத்தண்டிலும் இருக்கிறது.

இதன் வேலை புரதத்தை வெட்டுவது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மணிமாலை. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே இருப்பது பெப்ரைட்டுப் பிணைப்பு. புறோமெலேயினின் வேலைசெய்யும் இடத்தில் சிஸ்ரீன் என்ற அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள கந்தகம் அந்தப் பிணைப்பில் போய் ஒட்டி, அதை உடைத்து, உடைந்த பாதியைத் தன்னோடு சிறிது நேரம் பிடித்துவைத்துக்கொள்ளும். பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அந்தப் பாதியை விடுவிக்கும். நொதியம் செலவாகாமல் அடுத்த வெட்டுக்குப் போய்விடும். இதனால்தான் ஒரு தேக்கரண்டிச் சாறுகூட ஒரு கோப்பைப் புரதத்தைக் குலைத்துவிடுகிறது.

நாக்கின் மேல் உமிழ்நீரிலிருந்து வரும் மியூசின் என்ற வழுவழுப்பான புரதப் படை இருக்கிறது. அது உள்ளே உள்ள மெல்லிய தோலைக் காக்கும் உறை. புறோமெலேயின் முதலில் இதைத்தான் அரிக்கிறது. உறை மெலிந்ததும் பழத்தின் சித்திரிக் அமிலம் நேரே தோலில் படுகிறது. அன்னாசிச் சாற்றின் பி.எச் ஏறக்குறைய 3.5. உறை இருக்கும்போது இனிய புளிப்பாகத் தெரிவது, உறை போனபின் எரிவாகத் தெரிகிறது.

மூன்றாவது காரணம் பலருக்குத் தெரியாதது. அன்னாசியில் கல்சியம் ஒட்சலேற்று என்ற பொருளால் ஆன, கண்ணுக்குத் தெரியாத ஊசிப் பளிங்குகள் உண்டு. கரணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிப்பதற்கும் இதே வகை ஊசிகள்தான் காரணம். ஊசி மட்டும் இருந்தால் சிறு குத்து, நொதியம் மட்டும் இருந்தால் சிறு அரிப்பு. இரண்டும் சேர்ந்தால் ஊசி போட்ட ஓட்டை வழியே நொதியம் உள்ளே இறங்குகிறது. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிவிப்பழ ஊசிகளையும் இதே வகை நொதியத்தையும் பட்டுப்புழு இனம் ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனியே கொடுத்தபோது பாதிப்புக் குறைவு. சேர்த்துக் கொடுத்தபோது பெருமளவு புழுக்கள் இறந்தன. மனித வாய் புழுவைவிட எவ்வளவோ வலியது, ஆனால் வழிமுறை புரிகிறது.

வயிற்றுக்குள் போனபின் பயமில்லை. அங்குள்ள அமிலம் இந்த நொதியத்தைப் பெரும்பாலும் செயலிழக்கச் செய்கிறது, வயிற்றின் பெப்சின் அதையே ஒரு புரதமாக வைத்துச் செரித்துவிடுகிறது. நாக்கின் மேற்படையும் விரைவாகப் புதுப்பித்துக்கொள்ளும் தன்மை உடையது. அதனால் சாதாரணக் காந்தல் சில மணித்தியாலத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் ஆறிவிடும்.

ஆறு கோப்பைச் சோதனை

உப்பு நொதியத்தைக் கொல்கிறதா, குளிர் கொல்கிறதா, சூடு கொல்கிறதா என்பதை நாக்கை வைத்து முடிவுசெய்ய முடியாது. உப்பின் சுவையே நாக்கை ஏமாற்றும். அதற்குப் பதிலாக ஜெலற்றினைச் சாட்சியாக வைக்கலாம். ஜெலற்றின் முழுக்கப் புரதம். அதன் நீண்ட இழைகள் ஒன்றையொன்று பின்னி வலையாகித் தண்ணீரைப் பிடித்துவைப்பதால்தான் ஜெலி நிற்கிறது. இழைகளை நொதியம் துண்டு துண்டாக வெட்டிவிட்டால் வலை பின்ன நீளம் போதாது. ஜெலி தண்ணீராகவே இருக்கும்.

சுவையூட்டாத ஜெலற்றின் தூள் 12 கிராம் எடுங்கள். தட்டையாக வழித்த தேக்கரண்டியால் ஏறக்குறைய நான்கு. பக்கற்றில் வரும் நிற ஜெலித்தூளும் உதவும், ஆனால் முதலில் பொருள் பட்டியலை வாசியுங்கள். அகர், கராஜீனன் என்று போட்டிருந்தால் அது கடற்பாசியிலிருந்து வருவது, புரதம் அல்ல. அதை அன்னாசி எதுவும் செய்யாது, சோதனை பொய்த்துவிடும்.

முதல் நாளே பழத்தை வெட்டி, கொஞ்சம் சாறு பிழிந்து ஒரு சின்னப் போத்தலில் ஃப்ரீசரில் இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் அதை வெளியே எடுத்து முழுக்க உருகவிடுங்கள். மிச்சப் பழத்தில் சில துண்டுகளை அரை லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கரைத்து 15 நிமிடம் ஊறவைத்து, எடுத்துத் தனியே பிழியுங்கள். இன்னொரு பங்கில் பிழிந்த சாற்றை, ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி, சின்னச் சட்டியில் ஊற்றிக் கொதி வந்தபின் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். வற்றிய அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீர் விட்டுப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். எதுவும் செய்யாத பச்சைச் சாறும், ஒரு தேசிக்காயின் சாறும் வேண்டும்.

ஜெலற்றின் தூளை 150 மில்லிலீற்றர் குளிர்ந்த தண்ணீரின் மேல் தூவிப் பத்து நிமிடம் ஊதவிடுங்கள். நேரே சுடுதண்ணீரில் கொட்டினால் கட்டிபட்டு உள்ளே காய்ந்த தூளாகவே நிற்கும். ஊதியபின் 450 மில்லிலீற்றர் சுடுதண்ணீர் ஊற்றி, கண்ணாடிபோலத் தெளியும் வரை கலக்குங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட வேண்டாம். நீண்ட கொதி ஜெலற்றினையே பலவீனமாக்கும்.

இதை ஆறு ஒரேயளவான கோப்பைகளில் நூறு நூறு மில்லிலீற்றராகப் பிரித்து, கைச்சூட்டுக்கு ஆறவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படுவதுதான் சோதனையைக் கெடுக்கும் முதற்காரணம். ஜெலற்றின் ஆவிபறக்கச் சூடாக இருக்கும்போது பச்சைச் சாற்றை விட்டால், அந்தச் சூடே நொதியத்தைக் கொன்றுவிடும். பிறகு ஜெலி உறைந்து நிற்க, அன்னாசி ஒன்றும் செய்யாது என்று தவறாக முடிவெடுப்பீர்கள். கோப்பையின் வெளிப்புறத்தைப் பிடித்தால் இதமாக இருக்கவேண்டும், சுடக்கூடாது.

இப்போது ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு தேக்கரண்டி விடுங்கள். முதலாவதில் வெறும் தண்ணீர். இரண்டாவதில் பச்சை அன்னாசிச் சாறு. மூன்றாவதில் கொதிக்கவைத்த சாறு. நான்காவதில் உப்புத் தண்ணீரில் ஊறிய துண்டின் சாறு. ஐந்தாவதில் உறைந்து உருகிய சாறு. ஆறாவதில் தேசிக்காய்ச் சாறு. ஒவ்வொன்றுக்கும் வேறு கரண்டி எடுங்கள். பச்சைச் சாறு பட்ட கரண்டியைக் கழுவாமல் மூன்றாவது கோப்பையில் வைத்தால், அந்தச் சில துளியே அதைக் கெடுக்கப் போதும். கோப்பைகளில் இலக்கம் எழுதி ஒட்டுங்கள். நிறத்தை வைத்துப் பிறகு பிரித்தறிய முடியாது.

கலக்கிவிட்டு 20 நிமிடம் மேசையிலேயே வையுங்கள். குளிரில் நொதியம் மெதுவாகத்தான் வேலைசெய்யும் என்பதால் இந்த நேரம் அதற்குத் தேவை. பிறகு பிரிட்ஜில் குறைந்தது ஐந்து மணித்தியாலம், முடிந்தால் இரவு முழுக்க. பார்க்கும்போது பிரிட்ஜில் இருந்து எடுத்த கையோடு சரித்துப் பாருங்கள். எங்கள் ஊர் மத்தியான வெக்கையில் ஜெலற்றின் ஜெலி மேசையில் தானாகவே இளகும். கதைத்துக்கொண்டு வைத்திருந்தால் ஆறு கோப்பையும் தண்ணீராகிவிடும்.

கோப்பைகள் சொல்வது

முதலாவதும் மூன்றாவதும் உறுதியாக நிற்கும். ஆறாவது கொஞ்சம் இளக்கமாக இருந்தாலும் உறைந்திருக்கும். இரண்டும் நான்கும் ஐந்தும் தண்ணீராக ஓடும்.

ஆறாவது கோப்பையை நாங்கள் மிக முக்கியமாகக் கருதுகிறோம். தேசிக்காய் அன்னாசியைவிடப் பலமடங்கு புளிப்பு. அமிலம்தான் ஜெலியைக் குலைப்பதாக இருந்தால் இதுதான் முதலில் குலைந்திருக்கவேண்டும். அது உறைந்து நிற்பதால், இரண்டாவது கோப்பையைக் குலைத்தது புளிப்பு அல்ல என்று உறுதியாகிறது. மூன்றாவது அடுத்த பாதியைச் சொல்கிறது. அதே பழம், அதே புளிப்பு, அதே சீனி. கொதி ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே குலைப்பது சூட்டுக்கு அழியும் பொருள்.

நான்காவது கோப்பை உப்புத் தண்ணீர்க் கதைக்கு விடை. குசினியில் பாவிக்கும் அளவு உப்பு புறோமெலேயினை அழிப்பதில்லை. அப்படியானால் உப்புத் தண்ணீரில் போட்டெடுத்த துண்டு குறைவாகக் காந்துவதாக ஏன் தோன்றுகிறது? வெட்டுப்பட்ட முகத்தில் வழியும் சாற்றை அந்தத் தண்ணீர் கழுவிக்கொண்டு போகிறது, நாக்கில் முதலில் படுவது அந்தச் சாறுதான். உப்புச் சுவை புளிப்பையும் அமுக்குகிறது. ஆகவே அது முழுப் பொய்யும் அல்ல. முதல் துண்டுகளுக்கு உதவும், கடித்து மென்றால் உள்ளே இருக்கும் நொதியம் அப்படியே வெளிவரும்.

ஐந்தாவது, குளிர் நொதியத்தைத் தூங்கவைக்கிறது, கொல்வதில்லை என்று காட்டுகிறது. பிரிட்ஜ் அன்னாசி வாயில் 37 பாகைக்குச் சூடேறியதும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

எதிர்பார்த்தபடி வராவிட்டால் இப்படிப் பாருங்கள். முதலாவது கோப்பையே உறையவில்லை என்றால் ஜெலற்றின் போதாது அல்லது சரியாகக் கரையவில்லை, மற்ற ஐந்தையும் நம்பாதீர்கள். இரண்டாவது உறைந்துவிட்டால் ஜெலற்றின் மிகச் சூடாக இருந்திருக்கும், அல்லது தூள் கடற்பாசி வகையாக இருக்கும், அல்லது சாறு ரின் அன்னாசியில் இருந்து வந்திருக்கும். மூன்றாவது உறையவில்லை என்றால் கொதி போதவில்லை அல்லது கரண்டி மாறியிருக்கிறது.

எவ்வளவு சூடு போதும்?

புறோமெலேயின் 50 பாகை செல்சியசைச் சுற்றி மிக வேகமாக வேலைசெய்கிறது. 60ஐத் தாண்டியதும் அதன் சொந்த மடிப்புகள் குலையத் தொடங்கும். 80 பாகையில் சில நிமிடங்களில் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிடும். அதாவது இளஞ்சூடு காட்டுவது நொதியத்துக்கு உதவி செய்வதாகவே முடியும். சூடாக்குவதென்றால் சரியாகச் சூடாக்கவேண்டும்.

ஜெலி, புடிங், ஜெலற்றின் போட்ட கேக் எதற்கும் பழத்தை இப்படித் தயார் செய்யுங்கள். இரண்டு சென்ரிமீற்றர் அளவு துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு கிலோத் துண்டுக்கு ஐந்தாறு மேசைக்கரண்டி சீனியும் அரைக் கோப்பைத் தண்ணீரும் விட்டு மூடிவைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் ஐந்து நிமிடம் வையுங்கள். நடுவில் ஒருமுறை அடிமேலாகப் பிரட்டுங்கள். துண்டின் நடுப்பகுதியும் சூடேறியிருக்கவேண்டும் என்பதே நோக்கம். வளையம் வளையமாகத் தோசைக்கல்லில் வாட்டினால் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும், அந்த உள்பகுதி ஜெலியை நாளைக்குள் நீராக்கிவிடும். ரின் அன்னாசியைப் பதப்படுத்தும்போதே சூடாக்கிவிடுவதால் அதை அப்படியே போடலாம்.

பச்சைப் பழத்தின் மணம்தான் வேண்டும் என்பவர்கள் ஜெலற்றினை விட்டுச் சைனாகிராஸுக்கு மாறுவது நல்லது. அது தன் வலையைப் புரதத்தால் கட்டுவதில்லை. சைனாகிராஸைத் தனியே தண்ணீரில் கொதிக்கவைத்துக் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கியபின் பழத்தைப் போடுங்கள். பழத்தின் புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அதன் உறுதி குறையும்.

பாலிலும் தயிரிலும் இதே கதைதான். பச்சை அன்னாசி கலந்த யோகட் ஒரு மணித்தியாலத்துக்குள் நீர்த்து, பிறகு கசக்கும். பாலின் கேசின் புரதம் வெட்டுப்படும்போது வரும் சில சிறுதுண்டுகளுக்கு இயல்பிலேயே கசப்பு உண்டு. பழுதாகிவிட்டது என்று எறியவேண்டியதில்லை, ஆனால் விருந்தாளிக்கு வைக்கமுடியாது. பரிமாறும் நேரத்தில் கலந்தால் கசக்க நேரமிராது. அந்தச் சேர்மானம் நாக்குக்கும் நல்லது: நொதியத்துக்கு வெட்ட வேறு புரதம் கிடைக்கிறது, புளிப்பும் தணிகிறது.

சும்மா சாப்பிடும்போது

கம்பஹா, குருநாகல் பக்கமிருந்து வந்து திருநெல்வேலிச் சந்தையில் குவியும் பழங்களில் பெரும்பாலானவை மொறிசியஸ் இனம். அடிப்பக்கம் மஞ்சள் ஏறி, முகர்ந்தால் வாசம் வருவதாகப் பாருங்கள். அன்னாசி பறித்தபின் நிறம் மாறுமே தவிர இனிக்காது. மாவுச்சத்தைச் சேமித்துவைத்துப் பிறகு சீனியாக்கும் வாழைப்பழத்தின் வழி இதற்கு இல்லை. காயாக வாங்கி வீட்டில் வைத்தால் மஞ்சளான புளிப்புப் பழம்தான் கிடைக்கும்.

தோலைச் சீவி, கண்கள் சாய்வாக ஓடும் வரிசையிலேயே கத்தியை இரு பக்கமும் சாய்த்து ஒரு வாய்க்கால்போல வெட்டி எடுங்கள். நீளமாக நான்காகப் பிளந்து நடுத்தண்டை விரலளவு சீவி விடுங்கள். மெல்ல மெல்ல நார் உரசுவதும் நொதியம் இறங்குவதும் அங்கேதான். அடிப்பாதி மேற்பாதியைவிட இனிப்பு, காந்தல் உள்ளவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். உப்பு சரி. உறை கழன்ற நாக்கில் மிளகாய் பட்டால் எரிவு இரட்டிப்பாகும் என்பதால், காந்தத் தொடங்கியபின் மிளகாய்த்தூளை விட்டுவிடுங்கள்.

காந்திவிட்டால் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து இரண்டு கரண்டி தயிர் அல்லது பால் எடுங்கள். உடனே பல் தீட்டவேண்டாம். அமிலம் பல்லின் மேற்பூச்சை இளக்கியிருக்கும், அரை மணித்தியாலம் பொறுங்கள்.

ஒன்றை மட்டும் இதோடு குழப்பக்கூடாது. உதடோ நாக்கோ வீங்குவது, உடம்பில் தடிப்பு எழுவது, தொண்டை இறுகுவது, மூச்சு முட்டுவது எல்லாம் நொதியத்தின் வேலை அல்ல, ஒவ்வாமை. றப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு அன்னாசியும் ஒத்துக்கொள்வதில்லை. ஒரு சிறு துண்டிலேயே இப்படி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், பிறகு அந்தப் பழத்தைத் தொடக்கூடாது.

இதே நொதியத்தை இறைச்சிக்கு

முற்றிய ஆட்டிறைச்சிக்குப் பப்பாசிக்காய் போடுவது நம் வீடுகளில் பழக்கம். பப்பாசியின் பப்பேயினும் அன்னாசியின் புறோமெலேயினும் ஒரே நொதியக் குடும்பம். அன்னாசிச் சாறு பாவிப்பதானால் அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சைச் சாறு, 20 முதல் 30 நிமிடம். கோழிக்கு 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். றாலுக்குப் பாவிக்கவே வேண்டாம், சில நிமிடத்தில் சதை குழைந்துவிடும்.

சாறு சில மில்லிமீற்றர்தான் உள்ளே இறங்கும். இரவு முழுக்க ஊறவைத்தால் உள்ளே பூப்போல ஆகும் என்று நினைப்பது தவறு. மேற்பரப்பு மாவாகிச் சட்டியில் கரைந்துபோக, நடுப்பகுதி பழையபடி இறுக்கமாகவே இருக்கும். பெரிய துண்டை ஊறவைப்பதைவிடச் சிறிதாக வெட்டி ஊறவைப்பதே பலன் தரும். விரலால் அழுத்தும்போது மேற்பரப்பு வழுக்கிப் பசைபோல ஒட்டினால் நேரம் கடந்துவிட்டது, உடனே கழுவி அடுப்பில் ஏற்றுங்கள். ஏற்றும்போது தீயைக் கூட்டியே வையுங்கள். சட்டி மெதுவாகச் சூடேறினால் 50 பாகை அளவில் நெடுநேரம் நிற்கும், நொதியம் அதிகமாக வெட்டுவது அந்த நேரத்தில்தான்.